மூன்று சான்றிதழ் இருந்தால் மூன்று கதவு திறக்குமா?

டி.எம்.எல்.டி. முடித்த பிள்ளை வீட்டில் இருந்தால் அக்கம்பக்கத்தில் ஒரு யோசனை தவறாமல் வந்து சேரும். "டிப்ளமோவை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறே? மேலே டயாலிசிஸ், ஓ.டி., பிளட் கலெக்ஷன் மூணு சர்டிபிகேட்டும் போட்டுடு. எந்த ஆஸ்பத்திரியா இருந்தாலும் ஏதாவது ஒரு இடத்துல உட்காரவச்சிடுவாங்க." பயிற்சி மையங்களின் நோட்டீஸ் இதையே இன்னும் பளபளப்பாகச் சொல்கிறது: ஆறே மாதம், மூன்று துறை, நூறு சதவீத வேலை. பெற்றோருக்கு இது நியாயமாகவே படுகிறது. மருத்துவமனைகளில் ஆள் பற்றாக்குறை என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. ஒரு வேலை தெரிந்தவனைவிட மூன்று வேலை தெரிந்தவனுக்கு மதிப்பு அதிகம் என்பதும் பொதுப்புத்திக்கு ஒத்துவருகிறது.

அந்தப் பொதுப்புத்தி இங்கே செல்லாது என்பதுதான் என் வாதம். டயாலிசிஸ், அறுவை அரங்கம், ரத்த சேகரிப்பு மூன்றும் தனித்தனித் தொழில்கள். ஆறு மாதத்தில் மூன்றையும் தொட்டவன் மூன்றிலும் கை பழகாதவனாகவே வெளியே வருகிறான். அது நேர்காணலின் முதல் ஐந்து நிமிடத்திலேயே தெரிந்துவிடும். டயாலிசிஸ் பிரிவில் பல காலம் வேலை பார்த்து, ஆள் எடுக்கும் மேசைக்கு இந்தப்பக்கமும் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: மூன்று சான்றிதழ் இணைத்த பயோடேட்டாவைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான் முதலில் வரும். எதிலாவது ஒன்றில் நிலையாக நின்றிருந்தால் மற்ற இரண்டுக்கும் இந்த ஆளுக்கு நேரம் எங்கிருந்து வந்தது?

ஒரு பயோடேட்டாவை மருத்துவமனையில் இரண்டு பேர் படிக்கிறார்கள் என்பதை வெளியில் இருப்பவர்கள் அறிவதில்லை. முதலாமவர் ஹெச்.ஆர். தரச் சான்று பெற்ற, அல்லது பெற விரும்புகிற மருத்துவமனைகளில் ஒவ்வொரு ஊழியருக்கும் கல்வித் தகுதி சரிபார்த்த கோப்பு இருக்க வேண்டும். அவருக்கு வேண்டியது அந்தக் கோப்பில் வைக்க ஒரு காகிதம். இரண்டாமவர் அந்தப் பிரிவின் இன்சார்ஜ். நாளை காலை ஷிப்டில் நாலு மெஷினை இந்த ஆளை நம்பி விடலாமா என்று பார்ப்பவர் அவர். பயிற்சி மையங்கள் விற்பது முதலாமவருக்கான காகிதத்தை. வேலை கொடுப்பதோ இரண்டாமவர் வாய்.

அந்த இரண்டாமவர் பெரிய பெரிய கேள்வி எதுவும் கேட்பதில்லை. சான்றிதழ்கள் அடுக்கிய கோப்போடு வந்த ஒரு பெண்ணிடம் நான் வழக்கமாகக் கேட்பதையே கேட்டேன். "ஏம்மா, ஒரு பேஷன்ட்டோட டிரை வெயிட் 58 கிலோ. இன்னைக்கு வர்றப்போ 61.5 கிலோ. நாலு மணி நேர டயாலிசிஸ். மெஷின்ல எவ்வளவு யு.எஃப். போடுவே?" அவர் உடனே, "மூன்றரை லிட்டர் சார்" என்றார். "அவ்வளவுதானா?" என்றேன். "அவ்வளவுதான் சார், 61.5 மைனஸ் 58." கழித்தல் கணக்கு சரி. ஆனால் ஒரு டயாலிசிஸ் டெக்னீசியனின் வேலை அந்தக் கழித்தலுக்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

முடிக்கும்போது குழாயில் இருக்கும் ரத்தத்தைச் சலைன் விட்டுத் திருப்பி அனுப்புகிறோம். அதோடு நடுவில் நோயாளி குடிக்கும் டீயும் உண்டு. இரண்டுக்குமாகச் சுமார் 300 மி.லி. சேர்த்தால் எடுக்க வேண்டியது 3.8 லிட்டர். நான்கு மணி நேரத்தில் எடுத்தால் மணிக்கு 950 மி.லி. இதை 58 கிலோவால் வகுத்துப் பாருங்கள்: ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 16 மி.லி.க்கு மேல் வருகிறது. 13 மி.லி.யைத் தாண்டினால் ஆபத்து கூடும் என்பது சிறுநீரக மருத்துவத்தில் பரவலாகப் பின்பற்றும் வரம்பு. ரத்த நாளத்திலிருந்து நாம் நீரை உறிஞ்சும் வேகத்துக்கு, உடலின் மற்ற இடங்களில் தேங்கிய நீர் நாளத்துக்குள் திரும்பி வந்து சேராது. மூன்றாவது மணி நேரத்தில் கெண்டைக்கால் இழுக்கும், கொட்டாவி வரும், வியர்க்கும், பி.பி. இறங்கும். அப்போது அவசரமாகச் சலைனை ஏற்றுவோம். எடுத்த நீரில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவரை வீட்டுக்கு அனுப்புவோம். அடுத்த முறை இன்னும் வீங்கி வருவார்.

13 என்ற வரம்புக்குள் நின்றால் மணிக்குச் சுமார் 750 மி.லி., நான்கு மணி நேரத்துக்கு 3 லிட்டர். மீதி 800 மி.லி.க்கு இன்னொரு மணி நேரம் வேண்டும். ஆக, டாக்டரிடம் போய், "சார், இவருக்கு இன்னைக்கு அஞ்சு மணி நேரம் போட்டுக்கலாமா, இல்ல மூணு லிட்டரோட நிறுத்திக்கிட்டு நாளைக்கு ஒரு எக்ஸ்ட்ரா செஷன் குடுக்கலாமா?" என்று கேட்கத் தெரிந்தவர்தான் டெக்னீசியன். அதற்கும் முன்னால், 61.5 என்பதே உண்மையா என்று பார்க்கிறவர். நோயாளி போன முறை செருப்பில்லாமல் ஏறினாரா, இந்த முறை தோள்பையோடு ஏறினாரா? ஒன்றரை கிலோ பை தோளில் தொங்கினால் இல்லாத நீரை உடம்பிலிருந்து உறிஞ்சுவோம். கடந்த மாதத்தில் அவர் நன்றாகச் சாப்பிட்டு நிஜமாகவே சதை போட்டிருந்தால் 58 என்ற டிரை வெயிட்டே பழங்கணக்காகியிருக்கும். இதையெல்லாம் மூன்று பாடத்தில் ஒரு பாடமாகப் படித்துவிட முடியாது. ஒரே நோயாளி வாரம் மூன்று முறை வருவதை மாதக்கணக்கில் பார்த்தால்தான் கண்ணுக்குப் புலப்படும்.

இந்த இடத்தில் எதிர்த்தரப்பு ஒரு பதிலை நீட்டும்: இப்போதைய மெஷின்கள் எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்ளும், தப்பு நடந்தால் அலாரம் அடிக்கும், டெக்னீசியன் பட்டனைத் தட்டினால் போதும். மருத்துவமனை நிர்வாகிகள்கூட இதை நம்புகிறார்கள். மெஷினின் அலாரம் எதைப் பார்த்து அடிக்கிறது என்று தெரியாதவர்கள்தான் அதை இப்படி நம்புவார்கள்.

ரத்தத்தை உடலுக்குத் திருப்பி அனுப்பும் ஊசி கையிலிருந்து நழுவிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பம்ப் நிமிடத்துக்கு 300 மி.லி. வேகத்தில் ஓடுகிறது. நழுவிய ஊசி வழியாக அத்தனை ரத்தமும் படுக்கையில் கொட்டுகிறது. ஐந்து நிமிடத்தில் ஒன்றரை லிட்டர். 58 கிலோ மனிதரின் உடலில் மொத்தமே நாலு லிட்டர் அளவுக்குத்தான் ரத்தம் இருக்கும். மெஷின் கத்த வேண்டாமா? பல நேரம் கத்தாது. வீனஸ் பிரஷர் என்று மெஷின் காட்டும் எண்ணில் பெரும்பகுதி, மெல்லிய ஊசித் துளை வழியாக ரத்தத்தைத் தள்ளுவதால் வரும் அழுத்தம். ஊசி கைக்குள் இருந்தாலும் வெளியே கிடந்தாலும் அந்தத் துளை அதே துளைதான். ஃபிஸ்டுலாவுக்குள் இருக்கும் அழுத்தம் மட்டும்தான் குறையும். அது பெரும்பாலும் இருபது முப்பது புள்ளி. அலாரத்தின் கீழ்வரம்பை அதைவிடத் தள்ளி வைத்திருந்தால் மெஷினைப் பொறுத்தவரை எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. நோயாளிக்குக் குளிர்கிறது என்று கையைப் போர்வையால் மூடியிருந்தால் மனிதக் கண்ணுக்கும் தெரியாது.

இதைத் தெரிந்தவர் மூன்று காரியம் செய்வார். பிளாஸ்டரை ஒரே பட்டையாக ஒட்டாமல் ஊசிச் சிறகைச் சுற்றிக் குறுக்காக ஒட்டுவார். குழாயை நோயாளி புரளும்போது இழுபடாதபடி வளைத்துவிடுவார். எத்தனை கம்பளி போர்த்தினாலும் ஊசி குத்திய இடத்தை மட்டும் வெளியே தெரிய வைப்பார். நேர்காணலில், "கையை ஏன் மூடக் கூடாது?" என்று கேட்டால், "இன்ஃபெக்ஷன் வரும் சார்" என்ற பதில்தான் அதிகம் வருகிறது. அந்தப் பதிலுக்குப் பின்னால் இருப்பது என்ன மாதிரி வகுப்பு என்று எனக்கு விளங்கிவிடும்.

தண்ணீர் விஷயம் இன்னும் மோசம், ஏனென்றால் அது நோயாளியின் பக்கத்திலேயே இல்லை, மொட்டைமாடியில் இருக்கிறது. டயாலிசேட் நிமிடத்துக்கு 500 மி.லி. என்று ஓடினால் நான்கு மணி நேரத்தில் 120 லிட்டர். ஒரு மெல்லிய சவ்வுக்கு அந்தப்பக்கம் 120 லிட்டர் தண்ணீர், இந்தப்பக்கம் ஒரு மனிதனின் ரத்தம். கார்ப்பரேஷன் தண்ணீரிலும் லாரித் தண்ணீரிலும் குளோரின் இருக்கும், சில இடங்களில் குளோரமினும் இருக்கும். ஆர்.ஓ. இருக்கிறதே என்று சும்மா இருக்க முடியாது. குளோரமினைப் பிடிப்பது ஆர்.ஓ.வுக்கு முன்னால் வரிசையாக நிற்கும் இரண்டு கார்பன் டாங்குகள்தான். அதனால்தான் ஒவ்வொரு ஷிப்டுக்கும் முன்பு, பிளான்ட்டைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, முதல் கார்பன் டாங்குக்கும் இரண்டாவதற்கும் இடையிலிருந்து தண்ணீர் பிடித்து மொத்தக் குளோரின் பார்க்க வேண்டும். லிட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. முதல் டாங்கு தோற்றால் இரண்டாவது தாங்கும், அந்த அவகாசத்துக்குள் சரிசெய்துகொள்ளலாம் என்பதே இந்த ஏற்பாட்டின் கணக்கு. கோடையில் லாரிக்காரர் பிளீச்சிங் பவுடரை அள்ளிப்போட்ட அன்று சோதனை செய்யாமல் மெஷினைப் போட்டால், சிவப்பணுக்கள் குழாய்க்குள்ளேயே உடையும். திரும்பும் ரத்தம் திராட்சை ரச நிறத்தில் மின்னும். நோயாளி நெஞ்சு அடைக்கிறது, முதுகு வலிக்கிறது என்பார். அப்போது பம்பை நிறுத்திக் குழாய்களை கிளாம்ப் போட வேண்டும். அந்த ரத்தத்தைத் திருப்பி அனுப்பவே கூடாது, உடைந்த அணுக்களிலிருந்து கொட்டிய பொட்டாசியம் இதயத்தை நிறுத்திவிடும். ரத்தத்தை வீணாக்கக் கூடாது என்று பழகிய கைக்கு இது நேரெதிரான கட்டளை. கண்ணால் கண்டோ, கண்டவர் வாயால் கேட்டோ இருந்தால்தான் அந்த நிமிடத்தில் நினைவுக்கு வரும்.

1996இல் பிரேசிலின் கருவாரு நகரில் ஒரு டயாலிசிஸ் மையத்துக்கு லாரியில் கொண்டுவந்த தண்ணீரில் நீலப்பச்சைப் பாசியின் நச்சு கலந்திருந்தது. 50க்கும் மேற்பட்ட நோயாளிகள் கல்லீரல் கெட்டு இறந்தார்கள். மெஷின்கள் ஒழுங்காகவே ஓடிக்கொண்டிருந்தன.

இப்போது அந்த ஆறு மாதக் கணக்கைப் பார்ப்போம். வாரக் கடைசியில் இரண்டு நாள், நாளுக்கு மூன்று மணி நேரம் வகுப்பு என்று வையுங்கள். 26 வாரத்தில் 156 மணி நேரம். மூன்று துறைக்குப் பங்கிட்டால் துறைக்கு 52 மணி. ஒரு டயாலிசிஸ் என்பது மெஷினைத் தயார் செய்வதிலிருந்து முடித்துக் கிருமிநீக்கம் செய்வது வரை ஐந்து மணி நேர வேலை. அந்த 52 மணி முழுவதையும் மெஷின் பக்கத்திலேயே நின்று கழித்திருந்தாலும் பத்து செஷன் பார்த்திருப்பார். அதுவும் பார்த்திருப்பார், செய்திருக்க மாட்டார். ஃபிஸ்டுலாவில் 16 கேஜ் ஊசி குத்த யார் ஒரு மாணவரிடம் கையைக் கொடுப்பார்கள்? அந்த நோயாளிக்கு ஃபிஸ்டுலாதான் உயிர்நாடி. ஒருமுறை தப்பாகக் குத்தி ரத்தம் உள்ளே கசிந்து வீங்கினால் வாரக்கணக்கில் அந்தக் கை பயன்படாது, கழுத்தில் குழாய் போட வேண்டிவரும். அதனால் நல்ல பிரிவுகளில் புதியவரை முதலில் பிரைமிங் செய்ய விடுவோம், பிறகு முடிக்கும்போது ஊசி எடுத்து அழுத்திப் பிடிக்க விடுவோம், அப்புறம்தான் நன்கு தேறிய ஃபிஸ்டுலாவில், பக்கத்தில் ஒருவர் நிற்க, குத்த விடுவோம். இதற்கு மாதங்கள் ஆகும். கையை வைத்து அந்தத் துடிப்பைத் தடவிப் பார்த்து, நேற்று இருந்தது இன்று குறைந்திருக்கிறது என்று சொல்லும் விரலுக்கு இன்னும் அதிகமாகும்.

ரத்த சேகரிப்புச் சான்றிதழைப் பற்றிச் சொல்ல வேண்டியது வேறு. டி.எம்.எல்.டி. படித்தவருக்கு அது அவர் படிப்பிலேயே இருக்கிறது. ரத்தம் எடுப்பதும், எந்தச் சோதனைக்கு எந்தக் குழாய் என்பதும் ஆய்வகத் தொழிலின் அரிச்சுவடி. இரண்டாண்டு படித்து வாங்கியதை மறுபடியும் பணம் கட்டி வாங்கச் சொல்வது எனக்கு அப்பட்டமான ஏமாற்றாகத்தான் தெரிகிறது. டிப்ளமோவில் ரத்தம் எடுக்கவே விடவில்லை என்றால் கேட்க வேண்டியது அந்தக் கல்லூரியை. பரபரப்பான ஒரு கலெக்ஷன் மையத்தில் மூன்று மாதம் காலை நேர வேலைக்குப் போனால் அந்தக் குறை சம்பளத்தோடு தீரும்.

கலெக்ஷன் எளிய வேலை என்று நான் சொல்லவில்லை. ஒரு சம்பவத்தைப் பாருங்கள். வார்டில் ஒருவர் சிரிஞ்சில் ரத்தம் எடுக்கிறார். ஊதா மூடிக் குழாயில் கொஞ்சம் அதிகமாகவே ஊற்றிவிடுகிறார், சிவப்பு மூடிக் குழாய்க்குப் போதவில்லை. இன்னொரு முறை குத்த மனமில்லாமல் ஊதாவிலிருந்து சிவப்புக்குக் கொஞ்சம் சாய்த்துவிடுகிறார். ஊதா மூடிக்குள் இருக்கும் உறைதடுப்பான் பொட்டாசியம் உப்பு. அது கால்சியத்தைக் கட்டிப்போடும் வேலையைச் செய்வது. ரிப்போர்ட்டில் பொட்டாசியம் 8, கால்சியம் 5 என்று வருகிறது. நடந்து வந்து உட்கார்ந்திருக்கும் சாதாரண ஆளுக்கு இந்த இரண்டு எண்ணும் சேர்ந்து வந்தால் அனுபவமுள்ள லேப் ஆள், "இது ஊதாக் குழாய் ரத்தம், மறுபடி எடு" என்று திருப்பி அனுப்பிவிடுவார். டயாலிசிஸ் நோயாளியின் ரத்தமாக இருந்தால்? அவருக்குப் பொட்டாசியம் 8 இருக்கக்கூடியதுதான், கால்சியம் குறைவதும் சகஜம்தான். எல்லோரும் நம்பிவிடுவார்கள். நள்ளிரவில் அவசர டயாலிசிஸ், பொட்டாசியம் குறைந்த திரவம். நிஜத்தில் 4 இருந்த பொட்டாசியம் இன்னும் இறங்க, இதயம் தாளம் தப்பும். குழாயைச் சாய்த்தவருக்கு இது தெரியவே வராது. அதே ஆள் ஃபிஸ்டுலா கையிலேயே டூர்னிக்கெட் கட்டி ரத்தம் எடுக்காமல் இருந்தால் பெரிய உபகாரம்.

அறுவை அரங்கத்தைப் பற்றி நீட்டப் போவதில்லை, அது என் தொழில் இல்லை. ஆனால் ஒன்று தெரியும். ஆட்டோகிளேவ் பொட்டலத்தின் மேல் ஒட்டிய டேப் கறுத்துவிட்டால் உள்ளே ஸ்டெரைல் ஆகிவிட்டது என்று நம்புகிற ஆளை எந்த ஓ.டி. இன்சார்ஜும் உள்ளே விடமாட்டார். டேப் சொல்வது பொட்டலத்தின் வெளிப்புறம் சூடு பட்டது என்பதை மட்டும். டிரம்முக்குள் துணியை இறுக்கித் திணித்திருந்தால் நடுவில் நீராவியே போயிருக்காது. உள்ளே வைத்த இண்டிகேட்டரையும், குறித்த நாட்களில் உயிர்வித்துச் சோதனையையும் பார்த்தால்தான் நம்ப முடியும். ஓ.டி. டெக்னீசியன் ஒவ்வொரு கேஸுக்கும் மயக்க மெஷினைச் சரிபார்க்கிறார், கருவிகளை எண்ணுகிறார், காட்டரி பிளேட்டை உலர்ந்த சதைப்பற்றான இடத்தில் ஒட்டுகிறார். டயாலிசிஸில் ஒரு வருடம் இருந்துவிட்டுத் திரும்பினால் அந்தக் கை மறந்துவிடும். ஓ.டி.யில் ஒரு வருடம் இருந்துவிட்டு வந்தால் ஃபிஸ்டுலா கை மறந்துவிடும். ஒரே ஆள் இரண்டையும் உயிரோடு வைத்திருக்க முடியாது.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் இனிமேல்தான் வருகிறது. "அண்ணே, நீங்க பெரிய ஆஸ்பத்திரியை மனசுல வச்சுப் பேசுறீங்க. எங்க ஊர்ல முப்பது படுக்கை ஆஸ்பத்திரி. அங்க ஒரே பையன்தான் காலைல ரத்தம் எடுப்பான், பதினோரு மணிக்கு ஓ.டி.ல நிப்பான், சாயங்காலம் ரெண்டு மெஷின் பாப்பான். உள்ளே போயிட்டா கத்துக்கலாம்." இது பொய்யில்லை. அப்படிப்பட்ட மருத்துவமனைகள் இருக்கின்றன, அங்கே இப்படித்தான் நடக்கிறது. ஆனால் அந்தப் பையனை அவர்கள் எடுத்தது அவனிடம் மூன்று சான்றிதழ் இருந்ததாலா? குறைந்த சம்பளத்துக்கு எதையும் செய்யச் சம்மதித்ததால். சான்றிதழே இல்லாமல் போயிருந்தாலும் எடுத்திருப்பார்கள், பல இடங்களில் எடுத்துமிருக்கிறார்கள். மூன்று வருடம் கழித்து அவன் வேறிடத்துக்கு மனுப் போடும்போது அனுபவச் சான்றில் 'மல்டிபர்பஸ்' என்றிருக்கும். டயாலிசிஸ் பிரிவு அவனை டயாலிசிஸ் ஆளாகவும், ஓ.டி. அவனை ஓ.டி. ஆளாகவும் ஏற்காது. நடுவில் ஒரு நோயாளிக்கு ஏதாவது ஆகிவிட்டால் விசாரணையில் முதலில் கேட்பது, "இதற்கு நீ பயிற்சி பெற்றவனா?" என்றுதான். அப்போது நிர்வாகம் அந்தச் சான்றிதழையே காட்டித் தன் பொறுப்பைக் கழற்றிக்கொள்ளும்.

'உள்ளே போய்க் கற்றுக்கொள்ளலாம்' என்பதில் ஓர் உண்மை இருக்கிறது. அதை ஒப்புக்கொள்பவர் தன் கட்சியையே கைவிடுகிறார். இந்த வேலைகள் உள்ளே போய்த்தான் கற்கப்படுகின்றன என்றால், உள்ளே இருந்த காலமும், யார் மேற்பார்வையில் என்ன செய்தார் என்பதும்தான் தகுதி. அதைப் பதிவு செய்யாத சான்றிதழ் எதைச் சான்றளிக்கிறது?

சட்டமும் அந்தத் திசையில்தான் நகர்ந்திருக்கிறது. துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையத்தை அமைக்கும் சட்டம் 2021இல் வந்தது. அது துணை மருத்துவத் தொழிலர் என்று யாரைச் சொல்கிறது என்றால், இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில் குறைந்தது 2,000 மணி நேரம் படித்த டிப்ளமோ அல்லது பட்டம் உள்ளவரை. நம்முடைய 52 மணி நேரத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அரசு வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் ஒவ்வொரு பதவிக்கும் இன்ன படிப்பு, இன்ன அங்கீகாரம் என்று அறிவிக்கையிலேயே எழுதிவிடுகிறது. அதில் இல்லாத காகிதத்துக்கு அங்கே இடமே இல்லை. நோட்டீஸில் 'மத்திய அரசு பதிவு பெற்றது' என்று போட்டிருப்பது பல நேரம் அறக்கட்டளைப் பதிவாகவோ சிறுதொழில் பதிவாகவோ இருக்கும். ஊறுகாய் கம்பெனிக்கும் அந்தப் பதிவு கிடைக்கும். அது படிப்புக்குக் கிடைத்த அங்கீகாரம் அல்ல.

இதைக் கேட்டுவிட்டு, "அப்போ சான்றிதழே வேஸ்ட், பி.எஸ்சி. படிச்சாத்தான் உண்டு" என்று மறுகோடிக்கு ஓடுபவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. அரசு மருத்துவக் கல்லூரிகளில் டயாலிசிஸ் டெக்னீசியன், தியேட்டர் டெக்னீசியன் என்று தனித்தனியே ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்புகள் நடக்கின்றன. அங்கே படித்தவர்கள் தினமும் வார்டில் நின்றவர்கள். அவர்களில் சிலர் பட்டதாரிகளுக்கே மெஷின் சொல்லிக்கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். செவிலியர் படித்துவிட்டு ஒரு டயாலிசிஸ் பிரிவில் முழுநேரப் பயிற்சி எடுப்பவர்களை எந்த மருத்துவமனையும் தேடிப் பிடிக்கும். டி.எம்.எல்.டி. படித்தவர் டயாலிசிஸுக்கு மாற விரும்பினால் அதிலும் தவறில்லை. எலக்ட்ரோலைட், ஹீமாலிசிஸ், கிருமி வளர்ப்பு எல்லாம் அவருக்கு ஏற்கெனவே தெரிந்த சங்கதிகள், தண்ணீர்ச் சோதனையை மற்றவர்களைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார். ஆனால் மாறுவது என்றால் ஒன்றுக்கு, முழுதாக மாற வேண்டும்.

பணம் கட்டுவதற்கு முன் அந்த மையத்திடம் சில விஷயங்களைக் கேட்டு எழுதி வாங்குங்கள். பயிற்சி எந்த மருத்துவமனையில், அங்கே எத்தனை மெஷின், நாளைக்கு எத்தனை ஷிப்ட்? இரண்டு மெஷினும் இருபது மாணவரும் என்றால் எட்டிப் பார்க்கத்தான் முடியும். லாக் புக் உண்டா? அதில் பிரைமிங், ஊசி குத்தியது, முடித்தது, தண்ணீர்ச் சோதனை ஒவ்வொன்றும் தேதியோடு, உடன் நின்றவர் கையெழுத்தோடு பதியப்படுமா? நேர்காணலுக்கு வருகிறவர் சான்றிதழ் கோப்பை ஓரமாக வைத்துவிட்டு, மூலை மடிந்த ஒரு லாக் புக்கை எடுத்து நீட்டினால் நான் அதைத்தான் முதலில் புரட்டுவேன். யாருடைய கையெழுத்து, எந்த மாதத்தில் தனியாகக் குத்த விட்டிருக்கிறார்கள், பி.பி. இறங்கிய நாளில் என்ன எழுதியிருக்கிறார் என்று பார்ப்பேன்.

கடைசியாக ஒரு கேள்வி, இதற்கு வரும் பதிலே போதும். வார்டுக்கு அனுப்புவதற்கு முன்னால் மாணவர்களுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடுவீர்களா? அது முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம் என்று மூன்று தவணை. மூன்றாவதற்குப் பிறகு ஒன்றிரண்டு மாதத்தில் ரத்தத்தில் எதிர்ப்பொருள் 10 அலகாவது ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஏறாதவர்களும் உண்டு, அவர்களுக்கு மறுபடியும் போட வேண்டும். ஆறு மாதப் படிப்பில் மூன்றாவது ஊசி விழும் அன்றுதான் சான்றிதழே கையில் வரும். அதாவது டயாலிசிஸ் ஊசி, ஓ.டி. கத்தி, கலெக்ஷன் சிரிஞ்ச் மூன்றின் நடுவிலும் அந்தப் பிள்ளை முழுப் பாதுகாப்பு இல்லாமல் நின்றிருப்பான். "அதெல்லாம் வேலைக்குப் போனப்புறம் ஆஸ்பத்திரியிலேயே போட்டுவிடுவாங்க" என்று பதில் வந்தால் ஒன்று நிச்சயம்: அந்த மையம் தன் மாணவர்களை நோயாளிப் படுக்கைக்குப் பக்கத்தில் அனுப்பியதே இல்லை, அல்லது அனுப்பி அவர்களைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை.